அடுத்த பெரிய எண்: மோனோடானிக் ஸ்டாக் எப்படி வேலை செய்கிறது

ஒரு காய்கறிக் கடையில் எட்டு நாள் தக்காளி விலையை வரிசையாகக் குறித்து வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்கு. பைத்தானில் லிஸ்டின் எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்குவதால், நாட்களையும் 0 முதல் 7 வரை என்றே வைத்துக்கொள்கிறோம்.

```
நாள்:   0   1   2   3   4   5   6   7
விலை:  26  24  22  22  25  23  29  27
```

ஒவ்வொரு நாளுக்கும் நாம் கேட்பது ஒன்றுதான். அன்றைய விலையைத் தாண்டிய விலை, அதற்குப் பிறகு முதன்முதலில் வந்தபோது எவ்வளவாக இருந்தது? நாள் 1-இல் விலை 24. அடுத்த இரண்டு நாளும் 22, அது குறைவு. நாள் 4-இல் 25 வருகிறது, அதுதான் விடை. நாள் 6-இல் 29 இன்னும் பெரிதுதான், ஆனாலும் அது முதலில் வரவில்லை. நாள் 6-க்கும் நாள் 7-க்கும் பிறகு அவற்றைத் தாண்டிய விலையே இல்லை. அந்த இடங்களில் -1 என்று போடுவது வழக்கம். முழு விடை இப்படி வர வேண்டும்:

```
29  25  25  25  29  29  -1  -1
```

இதைத்தான் நிரல் எழுதுபவர்கள் ‘அடுத்த பெரிய எண்’ என்கிறார்கள். இதில் ‘அடுத்த’ என்பது இடத்தைக் குறிக்கிறது, மதிப்பைக் குறிக்கவில்லை. நாள் 2-இல் விலை 22. அதற்குப் பிறகு வரும் விலைகளில் 22-ஐவிடச் சற்றே பெரியது எது என்று கேட்டால் 23 என்போம். ஆனால் 23 வருவதற்கு முன்பே 25 வந்துவிட்டது. எனவே நம் கேள்விக்கு விடை 25. இந்த இரண்டு கேள்விகளையும் குழப்பிக்கொண்டால் கீழே சொல்லும் முறை தவறு என்றே தோன்றும்.

நேர்வழி எங்கே திணறுகிறது

யாருக்கும் முதலில் தோன்றும் வழி, ஒவ்வொரு எண்ணிலும் நின்று வலப்பக்கமாக நடந்து பார்ப்பது. பெரியது கண்ணில் பட்டதும் நிறுத்திவிடலாம். இதில் பிழை ஏதும் இல்லை. நம் எட்டு எண்களுக்கு இந்த வழியில் 16 ஒப்பீடுகள் ஆகும். அடுத்து நாம் பார்க்கப்போகும் வழியில் 12. இவ்வளவு சிறிய பட்டியலுக்குப் புது வழியே தேவையில்லை.

பட்டியல் நீண்டு, விலையும் இறங்கிக்கொண்டே போனால்தான் சிக்கல். 1,00,000 எண்கள் பெரிதிலிருந்து சிறிதாக இருந்தால் எதற்குமே விடை கிடையாது. அது தெரியாமல் ஒவ்வொரு எண்ணும் கடைசிவரை நடந்து பார்க்கும். முதல் எண் 99,999 தடவை ஒப்பிடும், அடுத்தது 99,998 தடவை. கூட்டினால் சுமார் 500 கோடி ஒப்பீடுகள். பைத்தானில் அது சில நிமிடங்களையாவது விழுங்கும்.

இத்தனை வேலை எதில் வீணாகிறது என்று பார்த்தால் தீர்வு தானே கிடைத்துவிடும். நாள் 1, நாள் 2, நாள் 3 ஆகிய மூன்றும் தனித்தனியாக வலப்பக்கம் நடந்து, மூன்றும் அதே 25-இல் போய் நிற்கின்றன. அந்த 25 வரும்போது மூன்றுக்கும் ஒரே நேரத்தில் விடை எழுதிவிட முடிந்தால், மூன்று தடவை நடக்க வேண்டியதில்லை.

கேள்வியைத் திருப்பிப் போடுவது

‘எனக்கு வலப்பக்கம் பெரியவர் யார்?’ என்று ஒவ்வொரு எண்ணும் தேடிப் போவதை நிறுத்திவிடுவோம். இடமிருந்து வலமாக ஒரே ஒரு முறை நடப்போம். புதிதாக வரும் ஒவ்வொரு எண்ணும், ‘இதுவரை விடை கிடைக்காமல் காத்திருப்பவர்களில் யாருக்கெல்லாம் நான் விடை?’ என்று கேட்கட்டும். யாருக்கு விடையோ அவர்களின் கணக்கை முடித்து வெளியே அனுப்பட்டும். பிறகு தானும் காத்திருப்போர் வரிசையில் சேரட்டும், ஏனென்றால் அதற்கும் ஒரு விடை வர வேண்டும்.

இதில் ஒரு சந்தேகம் எழ வேண்டும். காத்திருப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தால் புதிதாக வருபவர் ஆயிரம் பேரையும் விசாரிக்க வேண்டாமா? அப்படியானால் வேலை குறையவில்லையே?

வேண்டாம். காரணம், காத்திருப்பவர்கள் தாமாகவே ஓர் ஒழுங்கில் அமைந்துவிடுகிறார்கள். 26 காத்திருக்கிறது, பிறகு 24 வருகிறது. அது 26-க்கு விடையாகாது, அதனால் 26-க்குப் பின்னால் போய் நிற்கிறது. பிறகு 22, அதுவும் பின்னால். சிறியது வந்தால் பின்னால் சேர்கிறது. பெரியது வந்தால், தன்னைவிடச் சிறியவர்களை எல்லாம் அனுப்பிவிட்டுத்தான் சேர்கிறது. ஆகவே எந்த நேரத்தில் பார்த்தாலும், முதலில் வந்து இன்னும் காத்திருப்பவர் பெரியவராக இருப்பார், கடைசியில் வந்தவர் எல்லோரிலும் சிறியவராக இருப்பார். அதிகம் போனால் முன்னால் இருப்பவருக்குச் சமமாக இருப்பார்.

இந்த ஒழுங்கு இருந்தால் விசாரணையைக் கடைசியில் வந்தவரிடம் தொடங்கலாம். அவர் புதிய எண்ணைவிடச் சிறியவர் இல்லை என்றால், அவருக்கு முன்னால் இருப்பவர்களும் சிறியவர்களாக இருக்க முடியாது. அங்கேயே நிறுத்திவிடலாம். கடைசியில் வந்தவரையே முதலில் பார்ப்பது, அவரையே முதலில் வெளியேற்றுவது என்பதற்கு ஏற்ற அமைப்பு ஸ்டாக். சமையலறையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டுகளைப் போன்றது அது. மேலே மட்டும்தான் வைக்க முடியும், மேலிருந்து மட்டும்தான் எடுக்க முடியும். வைப்பதைப் புஷ் என்றும் எடுப்பதைப் பாப் என்றும் சொல்வார்கள். அடியிலிருந்து மேல்வரை மதிப்புகள் ஒரே திசையில் இறங்கிக்கொண்டு போவதால் இதற்கு மோனோடானிக் ஸ்டாக் என்று பெயர். ஸ்டாக் சாதாரண ஸ்டாக்தான். பைத்தானில் வெறும் லிஸ்ட் போதும். ஒழுங்கைக் காப்பது நாம் எழுதும் `while` வரி.

```python
def next_greater(a):
    ans = [-1] * len(a)
    stack = []
    for i in range(len(a)):
        while stack and a[stack[-1]] < a[i]:
            j = stack.pop()
            ans[j] = a[i]
        stack.append(i)
    return ans
```

`stack[-1]` என்பது அடுக்கின் உச்சி. ஸ்டாக்கில் நாம் வைப்பது விலையை அல்ல, நாளின் எண்ணை. விலை தேவைப்படும்போது `a[...]` என்று பார்த்துக்கொள்கிறோம். விடையை எந்த இடத்தில் எழுதுவது என்று தெரிய வேண்டுமானால் நாள் எண் கையில் இருந்தாக வேண்டும்.

எட்டு நாளையும் நடந்து பார்ப்போம்

ஒரு தாளில் ஸ்டாக்கை வரைந்துகொண்டே படித்தால் எளிதாக இருக்கும்.

நாள் 0-இல் விலை 26. ஸ்டாக் காலி, விசாரிக்க ஆளில்லை. 0-ஐ உள்ளே வைக்கிறோம். நாள் 1-இல் 24. உச்சியில் 26, அது 24-ஐவிடச் சிறியதல்ல. 1-ஐ மேலே வைக்கிறோம். நாள் 2-இல் 22. உச்சியில் 24, அதே கதை. 2 மேலே போகிறது.

நாள் 3-இல் மறுபடியும் 22. உச்சியிலும் 22. `22 < 22` என்பது பொய், எனவே யாரும் வெளியேறவில்லை. 3-உம் மேலே ஏறுகிறது. இப்போது ஸ்டாக்கில் அடியிலிருந்து 0, 1, 2, 3. அவற்றின் விலைகள் 26, 24, 22, 22. நான்கு பேர் காத்திருக்கிறார்கள், ஒருவருக்கும் இன்னும் விடையில்லை.

நாள் 4-இல் 25 வருகிறது. உச்சியில் இருக்கும் நாள் 3-இன் விலை 22, அது சிறியது. எடுத்துவிட்டு `ans[3]`-இல் 25 எழுதுகிறோம். இப்போது உச்சி நாள் 2, அதன் விலையும் 22. `ans[2]`-உம் 25. அடுத்த உச்சி நாள் 1, விலை 24. `ans[1]`-உம் 25. இப்போது உச்சி நாள் 0, விலை 26. அது 25-ஐவிடச் சிறியதல்ல, நிறுத்துகிறோம். 4-ஐ மேலே வைக்கிறோம். ஸ்டாக்கில் 0, 4. நேர்வழியில் மூன்று பேர் தனித்தனியாக நடந்து கண்டுபிடித்ததை இங்கே ஒரே நிறுத்தத்தில் முடித்துவிட்டோம்.

நாள் 5-இல் 23. உச்சியில் 25, ஒன்றும் நடக்காது. ஸ்டாக்கில் 0, 4, 5.

நாள் 6-இல் 29. நாள் 5 வெளியேறுகிறது, நாள் 4 வெளியேறுகிறது, தொடக்கத்திலிருந்தே அடியில் கிடந்த நாள் 0-உம் வெளியேறுகிறது. மூவருக்கும் விடை 29. ஸ்டாக் காலியாகிவிட்டது. 6 உள்ளே போகிறது. நாள் 7-இல் 27. உச்சியில் 29. 7 மேலே ஏறுகிறது.

பட்டியல் முடிந்தது. ஸ்டாக்கில் 6-உம் 7-உம் மீந்திருக்கின்றன. அவற்றுக்கு விடை வரவே இல்லை. `ans`-ஐ ஆரம்பத்திலேயே -1 கொண்டு நிரப்பிவிட்டதால் அவற்றுக்காகத் தனியாக எதுவும் எழுத வேண்டாம்.

கிடைத்தது உண்மையிலேயே முதலில் வந்த பெரிய எண்தானா, நடுவில் ஒன்றைத் தவறவிட்டிருக்க வாய்ப்பில்லையா என்று கேட்கலாம். நாள் 0-க்கும் நாள் 6-க்கும் நடுவில் 26-ஐத் தாண்டிய விலை ஒன்று வந்திருந்தால், அந்த நாளில் ஸ்டாக்கில் 0-க்கு மேலே இருந்தவர்கள் எல்லோரும் 26 அல்லது அதற்குக் குறைவுதான். அவர்கள் எல்லோரும் அப்போதே வெளியேறியிருப்பார்கள், பின்னாலேயே நாள் 0-உம் வெளியேறியிருக்கும். நாள் 6 வரை அது உள்ளே இருந்தது என்பதே, நடுவில் பெரியது எதுவும் வரவில்லை என்பதற்குச் சான்று.

ஒரு சுழலுக்குள் இன்னொரு சுழல், ஆனாலும் வேகம்

`for`-க்குள் `while` இருப்பதைப் பார்த்ததும், பட்டியலின் நீளம் n என்றால் இதுவும் n-இன் வர்க்கம் அளவுக்கு நேரம் எடுக்கும் என்று சொல்லிவிடத் தோன்றும். சுழல்களின் எண்ணிக்கையை வைத்து நேரத்தைக் கணக்கிடும் பழக்கம் இங்கே செல்லாது.

கடன் கணக்குபோல எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொரு நாளும் ஸ்டாக்கில் ஒரே ஒரு முறைதான் நுழைகிறது, அது ஒரு கடன். வெளியேறினால் அந்தக் கடன் அடைந்தது. அடைந்த கடன் திரும்ப வராது. ஏதோ ஒரு நாளில் 99,999 கடன்கள் ஒட்டுமொத்தமாக அடைபடலாம். பட்டியல் முழுவதும் இறங்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு பெரிய எண் வந்தால் அப்படித்தான் நடக்கும். அந்த ஒரு அடி நீளமானதுதான். ஆனால் அதற்கு முந்தைய அடிகள் எல்லாமே குட்டையாக இருந்ததால்தான் இத்தனை கடன் சேர்ந்தது.

ஒப்பீடுகளையும் இப்படியே எண்ணலாம். `while` செய்யும் ஒவ்வொரு ஒப்பீடும் ஒருவரை வெளியேற்றும், அல்லது சுழலை நிறுத்தும். கடைசி நாள் ஒருபோதும் வெளியேறாது, எனவே வெளியேற்றங்கள் அதிகபட்சம் n - 1. முதல் நாளில் ஸ்டாக் காலி, ஒப்பிட ஆளில்லை, எனவே நிறுத்தங்களும் அதிகபட்சம் n - 1. ஆக மொத்தம் 2n - 2-ஐத் தாண்டாது. நம் எட்டு எண்களுக்கு உச்ச வரம்பு 14, நடந்தது 12. 1,00,000 எண்களுக்கு 1,99,998. நேர்வழியைத் திணறடித்த அந்த இறங்குமுகப் பட்டியலுக்கு இங்கே 99,999 ஒப்பீடுகள் மட்டுமே.

நேரத்தில் மிச்சப்படுத்தியதற்கு நினைவகத்தில் கொஞ்சம் விலை உண்டு. இறங்கிக்கொண்டே போகும் பட்டியலில் யாருமே வெளியேறமாட்டார்கள், ஸ்டாக்கில் n எண்களும் கிடக்கும். ஏறிக்கொண்டே போகும் பட்டியலில் ஒருவர் வந்ததும் முந்தையவர் வெளியேறுவார், ஸ்டாக்கில் ஒன்றுக்கு மேல் நிற்காது.

எங்கே தவறும், எப்படித் தெரியும்

அடிக்கடி நடப்பது `while` இருக்க வேண்டிய இடத்தில் `if` எழுதிவிடுவது. அப்போது புதிய எண் ஒருவரை மட்டும் வெளியேற்றிவிட்டு உச்சியில் ஏறிக்கொள்ளும். நாள் 4-க்குப் பிறகு ஸ்டாக்கில் விலைகள் 26, 24, 22, 25 என்று நிற்கும். இறங்குமுகம் உடைந்துவிட்டது. 25-க்கு அடியில் மாட்டிக்கொண்ட 22-ஐயும் 24-ஐயும் இனி யாரும் எட்டமாட்டார்கள். முடிவில் நாள் 3-க்கும் நாள் 5-க்கும் மட்டும் விடை வரும், மற்ற ஆறு இடங்களிலும் -1 இருக்கும். விடையில் -1 அளவுக்கு மீறித் தென்பட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். `[1, 2, 3]` போன்ற ஏறுமுகப் பட்டியலில் சோதித்தால் இந்தப் பிழை வெளியே தெரியாது, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு முறையும் வெளியேற வேண்டியவர் ஒருவர்தான். `[3, 2, 1, 4]` கொடுத்துப் பார்த்தால் உடனே மாட்டிக்கொள்ளும். சரியான விடை `[4, 4, 4, -1]`, பிழையான நிரல் தருவது `[-1, -1, 4, -1]`.

`while`-இன் இரண்டு நிபந்தனைகளின் வரிசையும் முக்கியம். `stack` காலியா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் உச்சியைத் தொட வேண்டும். மாற்றி எழுதினால் பைத்தான் முதல் நாளிலேயே `IndexError: list index out of range` என்று சொல்லிவிடும். இது மறைந்துகொள்ளாத பிழை, நல்லதுதான். சி++ மொழியில் எழுதுபவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. காலியான `std::stack`-இல் `top()` கேட்டால் என்ன நடக்கும் என்று மொழி உறுதி தருவதில்லை. நிரல் நின்றுபோகலாம், அல்லது எதுவும் நடக்காததுபோல ஓடித் தவறான விடை தரலாம்.

அடுத்தது `<` இருக்குமிடத்தில் `<=` போடுவது. அப்படிச் செய்தால் நாள் 3-இன் 22, நாள் 2-இன் 22-ஐ வெளியேற்றிவிடும், `ans[2]`-இல் 22 எழுதப்படும். இது ‘அடுத்த பெரிய அல்லது சமமான எண்’. அந்தக் கேள்விக்கும் தேவை உண்டு, ஆனால் நாம் கேட்டது அதுவல்ல. ஒரே எண் இரண்டு முறை வராத பட்டியலில் இந்தப் பிழை எந்தத் தடயமும் காட்டாது. `[5, 5]` கொடுத்தால் போதும். விடை `[-1, -1]` வர வேண்டும், `[5, -1]` வந்தால் குறியைத் திருத்த வேண்டும்.

நான்காவது பிழை ஒரு பழக்கத்தால் வருவது. லீட்கோட் தளத்தின் 496-ஆம் கணக்கில் எண்கள் எல்லாமே வெவ்வேறானவை. அதனால் ஸ்டாக்கில் நேரடியாக மதிப்புகளையே வைத்து, விடைகளை ஒரு டிக்‌ஷனரியில் ‘இந்த எண்ணுக்கு இந்த விடை’ என்று குறித்தாலும் சரியாக வரும். அதே எழுத்தைப் பொதுவான பட்டியலுக்குக் கொண்டுவந்தால் கவிழும். `[2, 3, 2]` என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 2-க்கு விடை 3, கடைசி 2-க்கு விடையில்லை. டிக்‌ஷனரியில் ‘2’ என்ற சாவி ஒன்றுதான் இருக்க முடியும். கடைசி 2-உம் அதில் போய்ப் பார்த்து, தனக்கு முன்னால் வந்த 3-ஐத் தன் விடையாக எடுத்துக்கொள்ளும். நாள் எண்ணை ஸ்டாக்கில் வைத்தால் இந்தத் தொல்லையே எழாது.

கடைசியாக, -1 என்ற அடையாளம். விலை ஒருபோதும் -1 ஆகாது, எனவே இங்கே ஆபத்தில்லை. ஆனால் வெப்பநிலையோ லாப நட்டமோ என்றால் `[-5, -1]` போன்ற பட்டியல் வரலாம். -5-க்கு விடை -1, அது உண்மையான விடை. -1-க்கு விடையில்லை, அதற்கும் -1. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இதைத் தவிர்க்க `a[i]`-க்குப் பதிலாக `i`-ஐ எழுதி வைப்பது நல்லது. இட எண் 0-க்குக் கீழே போகாது, அதனால் -1 என்பதற்கு அங்கே ஒரே பொருள்தான்.

விலையைவிட நாள் கணக்கு பயன்படும்போது

‘எத்தனை நாள் கழித்து விலை ஏறியது’ என்பதுதான் பல நேரங்களில் கேட்கப்படும். ஒரு வரியை மாற்றினால் போதும்: `ans[j] = i - j`. ஆரம்ப மதிப்பையும் 0 என்று வைத்துவிடலாம். நம் எட்டு நாளுக்கு 6, 3, 2, 1, 2, 1, 0, 0 என்று வரும். லீட்கோட்டின் 739-ஆம் கணக்கு, விலைக்குப் பதிலாக வெப்பநிலையை வைத்து இதையேதான் கேட்கிறது.

இதே நடையில் இடப்பக்க விடையும் இலவசமாகக் கிடைக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. `while` முடிந்து `stack.append(i)` நடப்பதற்குச் சற்று முன்பு, உச்சியில் மிஞ்சியிருப்பவர் யார்? புதிய எண்ணைவிடச் சிறியவர்கள் வெளியேறிவிட்டார்கள். எனவே மிஞ்சியிருப்பவர், இடப்பக்கத்தில் மிக அருகில் உள்ள, நமக்குச் சமமான அல்லது நம்மைவிடப் பெரியவர். நாள் 4-இல் உச்சியில் மிஞ்சியது நாள் 0, விலை 26. அதாவது 25 ரூபாய் என்பது நாள் 0-க்குப் பிறகு அன்றுவரை வந்த விலைகளில் உச்சம்.

‘இன்றோடு சேர்த்துத் தொடர்ச்சியாக எத்தனை நாள் விலை இன்றைய விலையைத் தாண்டாமல் இருந்தது’ என்ற கணக்கு இப்படித்தான் போடப்படுகிறது. நாள் 4-க்கு 4 - 0, அதாவது நான்கு நாள். ஆனால் நாள் 3-இல் ஒரு கண்ணி இருக்கிறது. அங்கே உச்சியில் மிஞ்சியது நாள் 2, சமமான 22. கழித்தால் 1 வரும், சரியான விடையோ 2, ஏனென்றால் நாள் 2-இன் விலையும் 22-ஐத் தாண்டவில்லை. இந்தக் கணக்குக்குச் சமமானவர்களையும் வெளியேற்ற வேண்டும், குறி `<=` ஆக வேண்டும். அப்படி மாற்றினால் வலப்பக்க விடை ‘பெரிய அல்லது சமமான’ என்று ஆகிவிடும். ஒரே நடையில் ஒரு பக்கம் கண்டிப்பான ‘பெரிய’ என்றால், மறுபக்கத்தில் சமமும் சேர்ந்துகொள்ளும். இரண்டு பக்கமும் கண்டிப்பாக வேண்டுமென்றால் இரண்டு முறை நடப்பதே குழப்பமில்லாத வழி.

வலமிருந்து இடமாக எழுதும் வடிவம்

சில பாடங்களில் இதே நிரலைக் கடைசியிலிருந்து தொடங்கி எழுதியிருப்பார்கள்.

```python
for i in range(len(a) - 1, -1, -1):
    while stack and a[stack[-1]] <= a[i]:
        stack.pop()
    if stack:
        ans[i] = a[stack[-1]]
    stack.append(i)
```

விடை ஒன்றுதான், ஆனால் ஸ்டாக்கின் பொருள் வேறு. இங்கே உள்ளே இருப்பவர்கள் விடைக்காகக் காத்திருப்பவர்கள் அல்லர், விடையாகப் போகும் தகுதி உள்ளவர்கள். நமக்குச் சமமானவர் நமக்கு விடையாக முடியாது. நமக்கு இடப்பக்கம் வரப்போகிறவர்களுக்கும் அவர் தேவையில்லை, நாமே அவருக்கு முன்னால் நின்று மறைத்துவிடுவோம். அதனால்தான் இங்கே குறி `<=`. ஒரு வடிவத்தின் குறியை இன்னொன்றில் ஒட்டினால் `[5, 5]` சோதனை உடனே காட்டிக்கொடுக்கும். விலை நாள்தோறும் வந்துகொண்டே இருக்கிறது, பட்டியல் இன்னும் முடியவில்லை என்றால் இந்த வடிவத்தைப் பயன்படுத்த முடியாது. கடைசி எது என்றே தெரியாதபோது அங்கிருந்து எப்படித் தொடங்குவது? முதல் வடிவத்தில் அந்தச் சிக்கல் இல்லை, விடை தெரியவரும் அன்றே எழுதப்பட்டுவிடும்.

இரண்டு வடிவங்களுக்கும் பொதுவான ஓர் எல்லை உண்டு. பழைய நாள் ஒன்றின் விலையைத் திருத்தினால் ஸ்டாக்கால் அதை ஈடுகட்ட முடியாது, கணக்கைத் திரும்ப ஓட்டத்தான் வேண்டும். வலப்பக்கத்தில் உள்ளவற்றில் மதிப்பில் மிக நெருங்கிய பெரிய எண் எது என்ற கேள்விக்கும் இது உதவாது. நாள் 2-க்கு அங்கே விடை 23, ஆனால் 25 வந்ததுமே ஸ்டாக் நாள் 2-ஐ மறந்துவிட்டது.

சோதிக்கும்போது எண்களைச் சிறிதாக வையுங்கள்

எழுதியது சரியா என்று பார்க்க நல்ல துணை, நாம் ஒதுக்கிவைத்த அந்த நேர்வழிதான். மெதுவாக ஓடினாலும் அதில் தவறு செய்வது கடினம்.

```python
import random

def brute(a):
    return [next((y for y in a[i+1:] if y > x), -1)
            for i, x in enumerate(a)]

for _ in range(10000):
    n = random.randint(0, 7)
    a = [random.randint(1, 4) for _ in range(n)]
    assert next_greater(a) == brute(a), a
```

எண்களை 1 முதல் 4 வரை மட்டும் எடுப்பது வேண்டுமென்றே செய்தது. 1 முதல் 10,00,000 வரை எடுத்தால், ஏழு எண்களில் ஒன்று இரண்டு முறை வருவது மிக அரிது. `<=` பிழையும் டிக்‌ஷனரிப் பிழையும் பத்தாயிரம் சோதனைகளையும் தாண்டிப் போய்விடக்கூடும். நீளம் 0-இலிருந்து தொடங்குவதால் காலிப் பட்டியலும் சோதனைக்குள் வந்துவிடுகிறது. `assert`-இன் கடைசியில் உள்ள `a`, தவறு நேர்ந்தால் அந்தப் பட்டியலைத் திரையில் காட்டும். ஏழு எண்களுக்கு மேல் இருக்காது என்பதால், அதைத் தாளில் வரைந்து எந்த நாளில் ஸ்டாக்கின் இறங்குமுகம் உடைந்தது என்று கையாலேயே கண்டுபிடித்துவிடலாம்.